"சரக்கு நல்லா வந்துச்சா சார்?"

சரக்கு இறங்கிய மறுநாள் காலையில் சப்ளையரிடமிருந்து வரும் போனுக்கு எங்கள் பர்ச்சேஸ் மேசையில் ஒரே பதில்தான் இருந்தது: "வந்துடுச்சுப்பா, நல்லாத்தான் இருக்கு." அந்தப் பதிலைச் சொன்னவர்கள் யாரும் சரக்கைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். சரக்கு அப்போது கேட்டில் இன்வர்ட் பதிவாகி, தார்ப்பாய் மூடிக் கிடக்கும். கேட்பவருக்கும் அது தெரியும். பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார். "அடுத்த பி.ஓ. எப்போ சார் கிடைக்கும்?"

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஆலைகளுக்கு மரப் பேலட், அட்டைப்பெட்டி, கட்டும் பட்டை, கையுறை என்று கொடுத்துப் பிழைப்பவர்கள் திருவொற்றியூரிலும் மணலியிலும் நிறையப் பேர். பெரிய ஆலைகளின் பெயர்தான் வெளியில் தெரியும். அவற்றின் பின்வாசலில் டாட்டா ஏஸ் நிறுத்திக் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்களை யாரும் எழுதுவதில்லை. வாங்கும் பக்கத்து மேசையில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அவர்களுடைய போன் அழைப்புகளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உண்டு. சரக்கு கொடுத்த பிறகு எப்படி இருந்தது என்று கேட்பதும், அந்தப் பேச்சிலேயே அடுத்த ஆர்டருக்கு வழி பண்ணிக்கொள்வதும் சாதாரண வேலைகளாகத் தோன்றும். கேட்பவர்களில் பெரும்பாலோர் தப்பான நாளில், தப்பான ஆளிடம் கேட்கிறார்கள்.

பேலட்டையே எடுத்துக்கொள்கிறேன். வார்ப்பிரும்பு உதிரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலை ஒன்று. ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவில், நாலு பக்கமும் ஃபோர்க்லிஃப்ட் நுழையும்படி, பைன் மரத்தில் 120 பேலட் ஆர்டர். வெளிநாடு போகும் மரப் பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்க வேண்டும். ஐ.எஸ்.பி.எம். 15 என்று 2002-ல் உலக அளவில் கொண்டுவந்த விதி அது. மரத்துக்குள் ஒளிந்து நாடுவிட்டு நாடு போகும் வண்டுகளைத் தடுப்பதற்காக வந்தது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டை எட்டி, விடாமல் 30 நிமிடம் அதிலேயே நிற்க வேண்டும். அப்படிச் செய்த பேலட்டில் 'ஹெச்.டி.' என்ற இரண்டு எழுத்து விழும். வாங்கும் பக்கத்தில் தரம் பார்ப்பவர் அளவை நாடா வைத்துப் பார்ப்பார், முத்திரையைப் பார்ப்பார், சான்றிதழைக் கோப்பில் சேர்ப்பார். ஜி.ஆர்.என். போட்டதும் பில் அக்கவுண்ட்ஸுக்குப் போய்விடும்.

இந்த முத்திரையை நம்பித்தான் பலர் மோசம் போகிறார்கள். 56 டிகிரி, 30 நிமிடம் என்பது பூச்சியைக் கொல்லும் கணக்கு. மரத்தை உலர்த்தும் கணக்கு வேறு, அதற்குச் சூளையில் நாள் கணக்கில் வைக்க வேண்டும். சூடு காட்டிய பேலட் அறையிலிருந்து ஈரத்தோடேயே வெளியே வரலாம், முத்திரையும் முறையாகவே இருக்கும். பூச்சி செத்திருக்கும், தண்ணீர் அப்படியே நிற்கும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்க அது போதும். பூட்டிய கன்டெய்னருக்குள் பகலில் வெந்து இரவில் குளிரும்போது மரத்திலிருந்து கிளம்பிய ஈரம் கூரைத் தகட்டில் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டு சரக்கின் மேலேயே சொட்டும். இரும்புச் சாமான் கட்டிய உறையில் ஒரு கிழிசல் இருந்தால் துரு அங்கே ஆரம்பிக்கும்.

நான் சொல்லும் ஆர்டர் ஐப்பசி அடைமழையில் இறங்கியது. ஷெட்டில் இடம் இல்லாததால் 120 பேலட்டும் யார்டில் அடுக்கப்பட்டன. ஜி.ஆர்.என். மூன்றாம் நாள் முடிந்தது. நாலாம் நாள் பேலட்காரர் கூப்பிட்டார், வழக்கமான பதிலை வாங்கிக்கொண்டார். பேக்கிங் தொடங்கியது இரண்டாவது வாரத்தின் கடைசியில். இருபதடி கன்டெய்னரில் ஒரு அடுக்காகப் பத்துப் பேலட் நிற்கும். வாரத்துக்கு நாலு கன்டெய்னர் என்று மூன்று வாரம் போனது. அங்கிருந்து துறைமுக வரிசை, கொழும்பில் கப்பல் மாற்றம், பிறகு ஐரோப்பா. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின, பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. கடைசியில் வாடிக்கையாளர் கன்டெய்னரைத் திறந்து பார்த்துவிட்டுப் படத்தோடு மெயில் போட்டார். கீழ்க்கட்டைகளில் சாம்பல் பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்தது.

அந்த மெயில் எங்கள் மார்க்கெட்டிங்குக்கு வந்தது. அங்கிருந்து தரப் பிரிவுக்கு. தரப் பிரிவு ஒரு கூட்டம் போட்டு, காரணம் எழுதி, பர்ச்சேஸுக்கு அனுப்பியது. பேலட் இறங்கிய நாளிலிருந்து அதற்குள் மூன்று மாதத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது. இடையில் பேலட்காரர் பல தடவை போன் செய்திருந்தார், ஒவ்வொரு தடவையும் "நல்லாத்தான் இருக்கு" என்றே கேட்டுக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தந்த நாளில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிய வந்த பிறகோ, அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த அறுபது பேலட் வேறொருவருக்குப் போனது. பணம் பிடித்தமில்லாமல் வந்துவிட்டதால், தன் சரக்கில் குறை என்றே அவருக்குத் தெரிய வழியில்லை. விலையில் தோற்றோம் என்று நினைத்து அடுத்த கொட்டேஷனில் குறைத்துக் கொடுத்தார். விலையைக் குறைத்தவர் மரத்தை இன்னும் பச்சையாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதை வாங்கும் பக்கத்தில் எவரும் யோசிக்க மாட்டார்கள்.

வாங்குபவர் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிறுகுறு உற்பத்தியாளர்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். எழுதிச் சொன்னால், சப்ளையர் அந்தக் குறையைச் சரிசெய்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். பணம் கொடுக்க வேண்டிய கெடு அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்: ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2024 ஏப்ரலில் வருமான வரி விதியும் இதோடு சேர்ந்துகொண்டது. கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஆகவே குறையை எழுதுவது என்பது பில்லை நிறுத்துவதாகிவிட்டது. அக்கவுண்ட்ஸைக் கேட்காமல் எழுத முடியாது, எழுதினால் சப்ளையரும் சும்மா இருக்க மாட்டார். அந்தப் 15 நாளுக்குள் "ஏதாவது குறை இருந்தா ரெண்டு வரி மெயில் போடுங்க சார்" என்று ஒருவர் கேட்டால், அவர் தன் பணத்தைத் தானே நிறுத்தச் சொல்கிறார் என்று அர்த்தம். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அதைப் புரிந்துகொண்டு, மெயில் போடாமல் சிரித்து வைப்பார்.

எழுத்தில் கேட்கும் இன்னொரு சடங்கு பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஐ.எஸ்.ஓ. 9001 வாங்கியவர்கள் வாடிக்கையாளரின் திருப்தியைக் கண்காணிக்க வேண்டும் என்று அந்தத் தரநிலையில் இருக்கிறது. ஆடிட்டர் வருவதற்கு முன்னால் எல்லா சப்ளையரிடமிருந்தும் ஒரே மாதிரிப் படிவம் வந்து குவியும். தரம், நேரம், விலை, நடத்தை, ஒன்றிலிருந்து ஐந்து வரை டிக் அடிக்கச் சொல்லி. எங்கள் பிரிவில் எல்லாவற்றுக்கும் நாலு போடுவது வழக்கம். ஐந்து போட்டால் விலையேற்றம் கேட்பார்கள், மூன்று போட்டால் கீழே காரணம் எழுதும் கட்டம் இருக்கிறது. படிவம் திரும்பிப் போய்க் கோப்பில் சேரும், ஆடிட்டரும் பார்ப்பார், திருப்தி நூற்றுக்கு எண்பது என்று ஆகிவிடும்.

அறுபது பேலட் ஆர்டர் யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டும். மணலிப் பக்கம் அப்பாவுக்குப் பிறகு பேலட் யார்டை ஏற்று நடத்தும் ஒரு பெண்ணுக்கு. முதல் லோடு இறங்கிய மறுநாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் கவனித்ததே அதைத்தான். சலானில் பெறப்பட்டது என்று கையெழுத்தானதை டிரைவர் படம் எடுத்து அனுப்பியிருப்பார் போலும், அவருக்கு அது போதுமாயிருந்தது. ஒரு வாரம் கழித்து ஸ்டோர்ஸ்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பேக்கிங் எந்தத் தேதியில ஆரம்பிக்கிறாங்க?" அந்தத் தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தார். "சார், பேக்கிங் நடக்குதுன்னு சொன்னாங்க. அரை மணி நேரம் ஃப்ளோர்ல நின்னு பார்த்துட்டுப் போகட்டுமா? ஆர்டர் கேக்க வரலை."

கேட் பாஸ் போட்டுக் கொடுத்தேன். கூடவே போனேன், எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவர் பேக்கிங் சூப்பர்வைசரிடம் நல்லாயிருக்கா என்று கேட்கவே இல்லை. "ஃபோர்க்லிஃப்ட் நுழையறப்போ எந்தக் கட்டை முதல்ல உடையுது அண்ணே?" என்றார். சூப்பர்வைசர் யோசிக்காமல் மூலைக் கட்டையைக் காட்டினார். கட்டையில் ஆணி அடித்த இடத்தில் நெடுக ஒரு விரிசல். "ஆணி எங்கயாவது மேல துருத்திக்கிட்டு நிக்குதா? பையைக் கிழிக்குதா?" சூப்பர்வைசர் ஒரு பையனைக் கூப்பிட்டார். பையன் இரண்டு பேலட்டைத் தள்ளி வைத்திருந்தான். ஆணியைச் சுத்தியால் அடித்து இறக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம் என்றான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் அவனைக் கேட்டதில்லை. "இது எத்தனை நாள் வெளியில கெடந்துச்சு?" என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஸ்டோர்ஸ்காரரும் சூப்பர்வைசரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு கைப்பையிலிருந்து ஈரமானியை எடுத்தார். இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி, மரத்தில் குத்தினால் நூற்றுக்கு எத்தனை ஈரம் என்று எண் காட்டும். அதைக் குத்துவதிலும் விஷயம் இருக்கிறது. மழை பட்ட பேலட்டின் மேல்பரப்பில் குத்தினால் எண் தாறுமாறாக ஏறும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பதுக்கு மேல் போனாலே கருவியின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. எந்த மரம் என்று கருவியில் முன்கூட்டியே வைக்காவிட்டாலும் சில புள்ளி தள்ளும். அவர் மேல்பலகையை விட்டுவிட்டு நடுக்கட்டையில், ஊசி முழுக்க இறங்கும்படி குத்தினார். அடுக்கின் மேலிருந்த பேலட்டுகளில் பதினெட்டு, பத்தொன்பது. கீழ் வரிசையில், தரையில் தண்ணீர் நின்ற இடத்தில் இருந்தவற்றில் இருபத்தாறு, இருபத்தேழு. தன் யார்டிலிருந்து கிளம்பும்போது எடுத்த எண்களை நோட்டில் காட்டினார், எல்லாம் பதினெட்டுக்குக் கீழே.

இந்த இடத்தில் சப்ளையர்கள் சறுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண் கையில் கிடைத்ததும் "பாருங்க சார், எங்க தப்பு இல்லை, உங்க ஸ்டோர்ஸ் நனைய விட்டுட்டாங்க" என்று நிரூபிக்கத் தொடங்கிவிடுவார்கள். நிரூபணம் சரியாகவே இருக்கும். அதோடு ஸ்டோர்ஸ்காரர் ஜென்மத்துக்கும் எதிரியாகிவிடுவார், அடுத்த லோடில் அரை மில்லிமீட்டருக்கு ரிஜெக்ட் போடுவார். அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டு, "கீழ் வரிசைக்கு அடியில ரெண்டு துண்டுக் கட்டை போட்டா காத்து போகும் அண்ணே, அடுத்த லோடோட நானே அனுப்பிடறேன்" என்று மட்டும் சொன்னார். மூலைக் கட்டை விரிசல் தன் பக்கத்துத் தப்பு என்று ஒப்புக்கொண்டு, ஆணியை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி அடிக்கச் சொல்வதாகச் சொன்னார். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆர்டர் பேச்சு மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது, தமிழும் ஆங்கில எழுத்துமாக மூன்றே வரி. பார்த்தவை என்ன, மாற்றப்போவது என்ன, கடைசி வரியில் ஒரு கேள்வி: "அடுத்த ஸ்டஃபிங் 18-ந் தேதின்னு சொன்னாங்க சார். மொத்தமா இறக்காம வாரத்துக்கு நாப்பதா, ஸ்டஃபிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி இறக்கிடட்டுமா? ரேட் அதே ரேட்."

இதில் ஆர்டர் கொடுங்கள் என்ற வார்த்தையே இல்லை. எங்கள் யார்டில் இடமில்லை என்ற தலைவலியைத் தீர்க்கிற ஏற்பாடு அது, அதற்குள்ளே அடுத்த மூன்று லோடும் உட்கார்ந்திருந்தது. நான் "சரி" என்று பதில் போட வேண்டியதுதான் பாக்கி. அவருக்கும் இதில் லாபம் இருந்தது. 120 பேலட்டுக்கு ஒரே சமயத்தில் மரம் வாங்கிப் போட வேண்டியதில்லை. கூடுதல் லாரி வாடகை என்ற செலவும் இருந்தது. வாடகையை யார் ஏற்பது என்று பிறகு ஒரு நாள் தனியாகப் பேசினோம். அந்தப் பேச்சை அவர் அன்றைய செய்தியில் கொண்டுவரவில்லை. பாக்கிப் பணத்தையும் கொண்டுவரவில்லை. பில்லைப் பற்றிக் கேட்பதென்றால் அவர் அக்கவுண்ட்ஸுக்கு நேராகப் போன் செய்வார், பில் நம்பரைச் சொல்லித் தேதி கேட்பார், அவ்வளவுதான். குறை கேட்பது, பாக்கி கேட்பது, ஆர்டர் கேட்பது மூன்றையும் ஒரே போனில் சேர்த்துக் கேட்டால், வாங்குபவர் காதில் பாக்கி மட்டும்தான் விழும்.

கொடுத்த சரக்கின் குணம் பல மாதம் கழித்துத் தெரியும் வியாபாரம் திருவொற்றியூருக்குப் புதிதில்லை. எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியை உருவாக்கிய மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் இங்கே ஒரு ஷெட்டில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-ல் டயர் ரீட்ரெட் செய்வதற்கான ரப்பருக்கு மாறினார். பலூன் வாங்கிய குழந்தை அன்று மாலைக்குள் தீர்ப்பு சொல்லிவிடும். ரீட்ரெட் ரப்பரை வாங்கும் பட்டறைக்காரருக்கோ, டயர் லாரியில் ஏறி, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, அந்த லாரிக்காரர் திரும்பி வந்து திட்டும்போதுதான் தெரியும். இந்த இரண்டு வகை வாங்குபவரிடமும் ஒரே நாளில் போய்க் கேட்க முடியாது.

காசிமேட்டில் நிலைமை தலைகீழ். ஐஸ் கொடுத்தவர் போன் செய்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போட்டு கரைக்கு வந்ததும் மீனின் கண்ணைப் பார்த்து ஏலத்தில் விலை சொல்லிவிடுவார்கள், விலை இறங்கினால் போட்டு முதலாளி ஐஸ்காரரைத் தேடி வருவார். அடுத்த ஆர்டரின் நாளையும் அரசாங்கமே குறித்துக் கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, அந்த நாட்களில்தான் போட்டைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். இரும்புக் கயிறும் மிதவையும் விற்கிறவர் ஜூன் கடைசியில் போய் எதுவும் வேண்டுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் போய், போன சீசனில் கயிறு எந்த இடத்தில் நைந்தது என்று காட்டச் சொல்கிறவருக்கு வேலை நடக்கும்.

பேலட்டில் அப்படி நாள் குறித்துத் தர யாரும் இல்லை. எனவே கேட்பவரே சரக்கின் பின்னால் நடக்க வேண்டும். சலான் கையெழுத்து ஒரு நாள், ஜி.ஆர்.என். இன்னொரு நாள், பேக்கிங் வேறொரு நாள், அக்கரையில் கன்டெய்னர் திறப்பது இரண்டு மாதம் கழித்து. முதல் இரண்டையும் போனில் விசாரிக்க வேண்டியதே இல்லை, தாளைப் பார்த்தால் போதும். மூன்றாவதற்கு நேரில் வர வேண்டும். நாலாவதற்கு அந்தப் பெண் தன் நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தார். கப்பல் போய்ச் சேரும் நாளுக்குப் பத்து நாள் கழித்து எனக்கு ஒரு போன் வரும்: "சார், டிசம்பர்ல போன பெட்டிங்க திறந்திருப்பாங்க. போட்டோ ஏதும் வந்துச்சான்னு மார்க்கெட்டிங்ல ஒரு வார்த்தை கேக்கறீங்களா?" அவருக்காக நான் மார்க்கெட்டிங் மாடிக்கு ஏறிப்போய்க் கேட்டேன். சரக்கு கொடுத்த வேறு யாருக்காகவும் நான் அந்த மாடி ஏறியதில்லை.

ஒரு தடவை போட்டோ வந்தது. ஒரே கன்டெய்னரில் மூன்று பேலட்டில் பூசணம். அவர் மறுக்கவில்லை, உடனே டெபிட் நோட்டுக்குத் தலையாட்டவும் இல்லை. அந்த மூன்றிலும் முத்திரைக்குப் பக்கத்தில் அவர்கள் யார்டில் சாக்பீஸால் எழுதிய லாட் நம்பர் படத்தில் தெரிகிறதா என்று கேட்டார். இரண்டில் தெரிந்தது. நோட்டைப் புரட்டினார். அந்த லாட் கிளம்பிய நாளில் இருபத்திரண்டு என்று எண் இருந்தது, அவசரம் என்று நாங்கள் கேட்டதால் அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டுக்கும் கிரெடிட் நோட் போட்டார். மூன்றாவதைப் பற்றி நாங்களும் பேசவில்லை.

இவ்வளவும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று சொல்ல மாட்டேன். வருஷ ரேட் கான்ட்ராக்ட் போட்டு, ஆன்லைனில் விலையைக் கீழே இறக்கி இறக்கி ஏலம் விடுகிற கம்பெனிகளில், பேக்கிங் ஃப்ளோரில் நின்று கேட்ட கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. வாங்குபவர் பெயரே சப்ளையருக்குத் தெரியாமல் எங்கோ ஊரில் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஆலையே அந்த முறைக்குப் போனது. அந்தப் பெண் ஏலத்தில் கலந்துகொண்டு மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவரின் பேலட் இறங்கிய வாரத்தில் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, மூலைக் கட்டை மறுபடி உடையுது சார், யார்கிட்ட சொல்லணும் என்று கேட்டார். போர்ட்டலில் புகார் பதியும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் எழுத்து மூலமான ஆட்சேபத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, ஆணியை எங்கே அடிக்கலாம் என்று சொல்ல இடம் இல்லை.